சேலம் கனிமங்கள்: ஐந்து பேர் நோட்டும் சேர்ந்த ஒரே நோட்

மக்களே, இனிமேல் இதை மட்டும் படித்தால் போதும். ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், ஏற்காடு, விடுதி என்று வந்த ஐந்து நோட்டையும் வரிவரியாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் எழுதியிருந்தால் தெளிவான வரியை மட்டும் வைத்தேன், ஆனால் ஒருவர் மட்டுமே எழுதிய எதையும் விடவில்லை. நோட்டுகள் ஒத்துப்போகாத இடத்தில் ⚠ இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

மேக்னசைட் (ஐந்து நோட்டிலும் உண்டு)
நம் ஊரில் வெள்ளைக்கல் என்பது இதுதான், MgCO₃. சேலத்துக்கும் சேர்வராயன் அடிவாரத்துக்கும் நடுவே, டியூனைட் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. ஆலிவின் நிறைந்த அந்தப் பாறையில் உள்ள மக்னீசியத்தோடு கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் வினைபுரிந்து உண்டானது. சுட்டால் CO₂ போய் MgO மிஞ்சும், அதன் உருகுநிலை 2,800 டிகிரி செல்சியஸுக்கும் மேல் என்பதால் எஃகு உலைக்கு உள்பூச்சுச் செங்கல் செய்கிறார்கள்.

⚠ அந்த நீர் எங்கிருந்து வந்தது? மேலிருந்து இறங்கிய மழைநீர் என்கிறது ஆத்தூர் நோட், ஆழத்திலிருந்து ஏறிய வெந்நீர் என்கிறது விடுதி நோட். இதை நானாக முடிவு செய்ய மாட்டேன். சாரிடம் கேட்கும்வரை இரண்டும் இருக்கட்டும்.

⚠ MgO அளவு ஓமலூர் நோட்டில் 47.8%, மேட்டூர் நோட்டில் 52.2%. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 40.3 ÷ 84.3 = 0.478. ஓமலூர் சரி, 52.2 என்பது வெளியேறும் CO₂. தீர்ந்தது.

⚠ அமிலம் விட்டால் நுரைக்கும் என்று ஒருவர், நுரைக்காது என்று இன்னொருவர். இருவரும் சரிதான், பாதி பாதி எழுதியிருக்கிறீர்கள். குளிர்ந்த நீர்த்த HCl-இல் நுரை அநேகமாக வராது, சூடாக்கினால் பொங்கும். கால்சைட் குளிரிலேயே பொங்கும் என்பதால் இரண்டையும் பிரிக்க இதுதான் வழி, வைவாவில் கேட்க வாய்ப்பு அதிகம்.

பாக்சைட் (ஏற்காடு நோட்டில் மட்டும், ஆனால் அருமையாக இருக்கிறது)
சேர்வராயன் மேட்டுச் சமவெளியில் சார்னோகைட் பாறை காலம்காலமாகச் சிதைந்து, மழைநீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியம் மேலே தங்கிவிட்டது. அதனால்தான் மலைத்தலையில் தொப்பி மாதிரிக் கிடக்கிறது, சரிவில் தேடிப் பயனில்லை.

⚠ உயரம் 1,515 மீட்டரா, 1,623 மீட்டரா? முன்னது ஏற்காடு ஊர், பின்னது சேர்வராயன் உச்சி. எதன் உயரம் என்று சேர்த்தே எழுதுங்கள்.

கஞ்சமலை இரும்பு
குவார்ட்சோடு பட்டை பட்டையாக மாறி மாறி வரும் மேக்னடைட், Fe₃O₄. ⚠ விடுதி நோட்டில் மட்டும் ஹெமடைட். லேபில் இருக்கும் கஞ்சமலைத் துண்டில் காந்தம் பலமாக ஒட்டியது, உரைத்தால் கோடு கருப்பு. ஹெமடைட் என்றால் செம்பழுப்புக் கோடு வந்திருக்கும். அதனால் மேக்னடைட் என்றே வைத்தேன்.

மழைநீரா வெந்நீரா என்ற ஒன்று மட்டும் பாக்கி. திங்கள் முதல் வகுப்பிலேயே ஆத்தூரும் விடுதியும் சேர்ந்து போய்க் கேளுங்கள், பதில் வந்ததும் அந்த ⚠-ஐ எடுத்துவிடுகிறேன்.