திருத்திய விமர்சனம்: லாரி ஓட்டுநர் இடைவேளை வரைக்கும்தான்

முன்பு எழுதியது: "தலைவா! ஒவ்வொரு ஃப்ரேமும் தீ! தியேட்டரே தெறிக்குது, குறையே இல்லாத மாஸ்டர்பீஸ்!"

திருத்தியது: கடனில் சிக்கிய லாரி ஓட்டுநராக நாயகன் முதல் பாதியில் நன்றாகவே நடித்திருக்கிறார். மகள் பள்ளிக் கட்டணம் கேட்கும்போது, பதில் சொல்லாமல் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே இருப்பாரே, அந்த ஒரு காட்சி போதும். இடைவேளைக்குப் பிறகு அந்த மனிதரைக் காணவில்லை. இருபது பேரை ஒற்றையாளாக அடித்து வீழ்த்துபவருக்குக் கடன் கொடுத்தவரிடம் ஏன் அத்தனை பயம்? திரைக்கதையில் பதில் இல்லை. வில்லனுக்கு மிரட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை. இரவுச் சாலைகளைப் படம்பிடித்த விதம் அருமை. பின்னணி இசைதான் வசனங்களை அமுக்குகிறது. அப்புறம் அந்தக் குத்துப்பாட்டு: விசில் பறக்கிறது, கதை அங்கேயே நின்றுவிடுகிறது.