பெண்கள் விடுதி: தாதியர் கடமை அட்டவணை, 2026 நவம்பர் 2 முதல் டிசம்பர் 6 வரை

16 கட்டில். தாதியர் 10 பேர், பொறுப்புச் சிஸ்டர் ஒருவர்.

இந்தத் தாள் தாழ்வாரத்தில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்குவதால் பெயர்களை எழுதவில்லை. அ, ஆ, இ, ஈ, உ என ஐந்து சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் 1 என்பவர் அனுபவம் கூடியவர், 2 என்பவர் பின்னால் வந்தவர். யார் எந்த எழுத்து என்பது கடமை அறைக் கொப்பியில் இருக்கிறது.

காலை 7 முதல் 1 வரை, பின்னேரம் 1 முதல் 7 வரை, நைட் இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை. ஒவ்வொரு கடமைக்கும் இருவர். காலை, பின்னேரம், நைட், நைட் இறங்கும் நாள், ஓஃப் என்று ஐந்து நாளில் ஒரு சுற்று முடியும்.

| திகதி | காலை | பின்னேரம் | நைட் | இறங்கும் நாள் | ஓஃப் |
|---|---|---|---|---|---|
| நவ. 2, 7, 12, 17, 22, 27, டிச. 2 | அ | உ | ஈ | இ | ஆ |
| நவ. 3, 8, 13, 18, 23, 28, டிச. 3 | ஆ | அ | உ | ஈ | இ |
| நவ. 4, 9, 14, 19, 24, 29, டிச. 4 | இ | ஆ | அ | உ | ஈ |
| நவ. 5, 10, 15, 20, 25, 30, டிச. 5 | ஈ | இ | ஆ | அ | உ |
| நவ. 6, 11, 16, 21, 26, டிச. 1, 6 | உ | ஈ | இ | ஆ | அ |

மாதக் கணக்கில் போடாமல் 35 நாளுக்குப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. 28 நாள் என்றால் மூன்று சோடிக்கு 6 நைட்டும் இரண்டு சோடிக்கு 5 நைட்டும் விழும். 35 நாளில் எல்லோருக்கும் 7 நைட், அதுவும் திங்கள் முதல் ஞாயிறு வரை கிழமைக்கு ஒன்று. சனி நைட்டைப் பாருங்கள்: நவம்பர் 7 ஈ, 14 அ, 21 இ, 28 உ, டிசம்பர் 5 ஆ. ‘எனக்குத்தான் எப்பவும் சனி நைட்’ என்ற மனக்குறை பல விடுதிகளில் ஆட்களைப் பிரித்து வைக்கிறது. இங்கே அது வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மாற்றம் எதுவும் இல்லையென்றால் ஆளுக்கு மொத்தம் 168 மணித்தியாலம்.

தீபாவளி, கிறிஸ்மஸ்

தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அன்று நைட் உ சோடிக்கு. இ1 கிறிஸ்தவர், அன்று அவருக்கு ஓஃப். அவரே முன்வந்து உ1-இன் நைட்டை எடுக்கிறார். பதிலுக்கு உ1 மறுநாள் 9ஆம் திகதி இ1-இன் காலைக் கடமையையும், டிசம்பர் 25 அன்று இ1-க்கு வரும் பின்னேரக் கடமையையும் செய்வார். 12 மணித்தியாலத்துக்கு 6உம் 6உம், கணக்குச் சரி. உ1 வீட்டில் தீபாவளி முழுநாளும், இ1 வீட்டில் கிறிஸ்மஸ் முழுநாளும் கிடைக்கிறது. டிசம்பர் 25 அடுத்த அட்டவணையில் வருவதால் இருவரும் இப்போதே கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டார்கள்.

அனுமதித்த லீவு

ஆ1, தங்கையின் கலியாணம், நவம்பர் 18, 19, 20. பதில் கடமை இப்படி:

18 புதன் காலை: நான் நிற்பேன்.
19 வியாழன் பின்னேரம்: ஓஃபில் இருக்கும் ஈ1.
20 வெள்ளி நைட்: ஓஃபில் இருக்கும் உ1. மறுநாள் 21 சனி காலை அவர் வரத் தேவையில்லை, அவருடைய இடத்தில் நான். அவர் 22ஆம் திகதி பின்னேரம் வந்தால் போதும்.

20ஆம் திகதிக்கு உ2-வைக் கேட்காமல் உ1-ஐக் கேட்டதற்குக் காரணம், தீபாவளி நைட்டைக் கொடுத்ததால் உ1-க்கு ஒரு நைட் குறைந்திருந்தது. இப்போது அவருக்கும் 7.

லீவு கேட்கும் எல்லோரும் இதைக் கவனியுங்கள். ஆ1 எடுத்தது மூன்று நாள் லீவுதான். ஆனால் 16 காலை நைட் இறங்கிப் போனால் 23 காலைதான் திரும்பி வர வேண்டும். காலை, பின்னேரம், நைட் மூன்றையும் சேர்த்துக் கேட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள ஓய்வு நாட்கள் உங்களோடு சேர்ந்துகொள்ளும். நடுவில் ஒரு நைட்டை மட்டும் கேட்டால் லீவும் செலவு, பதில் ஆள் தேடுவதும் கஷ்டம்.

பதில் கடமைக்கு ஆள் எடுக்கும் முறை

காலைக் கடமை வெறுமையானால், ஞாயிறு தவிர, நான். பின்னேரமும் நைட்டும் வெறுமையானால் அன்று ஓஃபில் இருக்கும் சோடியில், இந்த அட்டவணையில் நைட் குறைந்தவர். நைட் இறங்கிப் போனவரை அன்று எந்தக் காரணத்துக்காகவும் திருப்பிக் கூப்பிடமாட்டேன். 12 மணித்தியாலம் விழித்தவர் கையில் ஊசி மருந்தின் அளவை நம்பிக் கொடுப்பது நோயாளிக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து.

சனி நைட்டுக்கு லீவு எழுதித் தரமாட்டேன். ஞாயிறு காலை நான் இல்லாததால் பதில் நைட் செய்தவருக்கு ஓய்வு கொடுக்க ஆள் இல்லை. கட்டாயம் தேவையென்றால் நீங்களே ஆளைப் பேசி மாற்றிக்கொண்டு வாருங்கள், இருவருக்கும் ஓய்வு சரியாக வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்து வைக்கிறேன்.

மாற்றிக்கொள்ளும்போது 1 உடன் 1, 2 உடன் 2 மட்டும். எந்த நைட்டிலும் புதியவர்கள் இருவர் தனியே நிற்கக்கூடாது. வாய்ப்பேச்சில் மாற்றியது செல்லாது, கொப்பியில் எழுதியதே கணக்கு.

சுகமில்லையென்றால் கடமை தொடங்க இரண்டு மணித்தியாலத்துக்கு முன் விடுதித் தொலைபேசிக்கு எடுத்துச் சொல்லுங்கள். காய்ச்சலோடு வந்து நிற்க வேண்டாம்.

கர்ப்பமான தாதி ஒருவர் நைட் செய்ய முடியாதென்றால் அவருடைய 7 நைட்டையும் அவருடைய சோடியின் தலையில் போடமாட்டேன். மற்ற 9 பேரில் 7 பேர் ஆளுக்கொன்று எடுக்க, அவர்களின் பகல் கடமைகளை அவர் செய்வதாக அட்டவணையைத் திருத்தி எழுதுவேன். இந்த முறை அப்படி யாரும் இல்லை.

மழை

கார்த்திகை மழைக் காலம். பண்ணைப் பாலத்தால் தீவகத்திலிருந்து வரும் பஸ் பிந்தினால், இறங்க வேண்டியவர்களில் ஒருவர் அரை மணித்தியாலம் வரை நின்று கொடுங்கள், நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். அந்த நேரத்தை வேறொரு நாள் முன்னதாகப் போகவிட்டுத் தருவேன். பின்னேரக் கடமை முடிந்து இரவு 7 மணிக்குத் தனியே சைக்கிளில் போகிறவர்கள் மழையில் அவசரப்பட வேண்டாம். வீட்டிலிருந்து ஆள் வரும்வரை கடமை அறையில் இருக்கலாம்.

நைட் கணக்கு

| யார் | நைட் |
|---|---|
| ஆ1 | 6 |
| இ1 | 8 |
| மற்ற 8 பேர் | ஆளுக்கு 7 |

மொத்தம் 70. அடுத்த அட்டவணையில் மேலதிக நைட் ஏதும் வந்தால் முதலில் ஆ1. இ1-ஐ அதற்குக் கேட்கமாட்டேன். கலியாணத்துக்குப் போனதற்கான தண்டனையாக ஆ1 இதை நினைக்க வேண்டாம். லீவு அவருடைய உரிமை, நைட்டை மட்டும் சமப்படுத்துகிறேன்.

அடுத்த அட்டவணை டிசம்பர் 7 முதல் ஜனவரி 10 வரை. அதில் 2 எண்காரர் ஒவ்வொருவரும் ஒரு சோடி தள்ளிப் போவார்கள்: அ2 ஆ சோடிக்கு, ஆ2 இ சோடிக்கு, அப்படியே உ2 அ சோடிக்கு. ஒருவரோடேயே எப்போதும் நின்றால் புதியவர்கள் ஒருவருடைய வேலை முறையை மட்டும்தான் பழகுவார்கள்.

லீவு, விரும்பும் நாள் எல்லாவற்றையும் நவம்பர் 22 ஞாயிறுக்குள் கொப்பியில் எழுதுங்கள். ஒரே நாளை இருவர் கேட்டால், சென்ற இரண்டு அட்டவணைகளில் கேட்டது கிடைக்காதவருக்கு முதலிடம். அட்டவணை நவம்பர் 29 அன்று இதே இடத்தில் தொங்கும்.

பொறுப்புச் சிஸ்டர், பெண்கள் விடுதி, யாழ்ப்பாணம்
2026 ஒக்டோபர் 25