பொருள்: முக்கிய வார்டுகளுக்குப் பேட்டரியுடன் கூடிய சோலார் – அறங்காவலர் குழுவின் ஒப்புதலுக்கு

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பிரிவு, இரண்டு அறுவை அரங்குகள், பிரசவ அறை, ரத்த வங்கி ஆகியவற்றுக்கு மட்டும் 39.6 கிலோவாட் சோலார், 90 யூனிட் பேட்டரி, 20 கிலோவாட் இன்வெர்ட்டர் இரண்டு ஆகியவற்றை அமைக்க ஒப்புதல் கேட்டு இதை எழுதுகிறேன். மின்கட்டணம் குறைவது கூடவே வரும் பலன்தான். கரண்ட் போய் ஜெனரேட்டரும் கைவிட்டால், மாற்று ஏற்பாடு வந்து சேரும்வரை இந்த வார்டுகள் இருட்டில் நிற்கக்கூடாது என்பதற்காகவே இதைக் கேட்கிறேன்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. நம் பதிவேட்டின்படி, கடந்த ஓராண்டில் மின்தடைக்குப் பிறகு வார்டுக்கு மின்சாரம் திரும்ப 12 வினாடி முதல் 50 வினாடி வரை ஆகியிருக்கிறது. 50 வினாடி ஆன அன்று, ஸ்டார்ட்டர் பேட்டரி வலுவிழந்திருந்ததால் எஞ்சின் இரண்டாம் முயற்சியில்தான் கிளம்பியது. டீசல் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தாலும் ஸ்டார்ட்டர் பேட்டரி, அடைத்த வடிகட்டி, தேங்கிக் கெட்ட டீசல், ஒட்டிக்கொண்ட மாற்றுச்சுவிட்சு என்று நான்கு சிறு காரணங்களில் எது வேண்டுமானாலும் அதை நிறுத்திவிடும்.

வென்டிலேட்டர், மானிட்டர், சிரிஞ்சு பம்ப் ஆகியவற்றுக்குள் சொந்தப் பேட்டரி உண்டு. குழந்தைகளின் வார்மர், ஒளிச் சிகிச்சை விளக்கு, நம்மிடமுள்ள இன்குபேட்டர்கள், மூக்குவழி அதிவேக ஆக்சிஜன் கருவிகள் ஆகியவற்றுக்கு அது இல்லை. குறைமாதக் குழந்தையின் உடல்சூடு இறங்க அதிக நேரம் பிடிக்காது. அதனால், நீண்ட மின்தடையில் முதலில் ஆபத்துக்குள்ளாவது பச்சிளங்குழந்தைப் பிரிவுதான்.

இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டும். நிர்வாகக் கட்டடத்தின் மேல் ஏற்கெனவே உள்ள 20 கிலோவாட் சோலார் மின்தடையில் உதவாது. வெளி மின்சாரம் போனதும் அந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு நம் மின்சாரம் பாயாமல் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நண்பகல் வெயிலில்கூட அதிலிருந்து ஒரு விளக்கு எரியாது. இப்போது கேட்பது வேறு வகை: வெளி மின்சாரத்திலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, பேட்டரியின் துணையோடு தனியாக ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர்.

அளவுகள் எப்படி வந்தன என்பதைச் சொல்கிறேன். இரண்டு வாரம் பதிவுக்கருவி வைத்து ஒவ்வொரு பகுதியின் உச்ச சுமையையும் அளந்தோம்: தீவிர சிகிச்சை 8 படுக்கைகள் 4.2 கிலோவாட், பச்சிளங்குழந்தை 6 படுக்கைகள் 4.1, இரண்டு அறுவை அரங்குகள் 4.6, பிரசவ அறை 1.2, ரத்த வங்கி மற்றும் தடுப்பூசிக் குளிர்பெட்டிகள் 1.6, அவசர விளக்குகள், செவிலியர் மேசை, வாயு எச்சரிக்கைப் பலகை, நெட்வொர்க் சேர்ந்து 2.3. எல்லாம் ஒரே நிமிடத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒட்டுமொத்தமாக அளந்தபோது உச்சம் 17, சராசரி 9.5 கிலோவாட்.

இதிலிருந்து இன்வெர்ட்டர் அளவு கிடைக்கிறது. 20 கிலோவாட் மும்முனை இன்வெர்ட்டர் ஒன்றே 17 கிலோவாட்டைத் தாங்கும்; இரண்டாவது, முதலாவது பழுதானால் தாங்குவதற்கு. ஒரு முனைக்கு ஒன்றாக மூன்று சிறிய இன்வெர்ட்டர்களை வைத்தால் விலை குறையலாம் என்று விற்பனையாளர்கள் சொல்லக்கூடும். அந்த அமைப்பில் ஒன்று பழுதானால் அந்த முனையில் உள்ள படுக்கைகள் அத்தனையும் அணையும், ஆகவே அதை ஏற்கக்கூடாது. மும்முனை இன்வெர்ட்டரிலும் ஒரு முனைக்குச் சுமார் 6.6 கிலோவாட்தான் வரம்பு என்பதால், வார்மர்கள் ஆறும் ஒரே முனையில் சேர்ந்துவிடாமல் பிரித்து இணைக்க வேண்டும்.

பேட்டரி 6 மணி நேரம் தாங்க வேண்டும் என்று வைத்தோம். நள்ளிரவில் ஜெனரேட்டர் பழுதானால், வாடகை ஜெனரேட்டர் வண்டியில் வந்து இணைக்கப்பட 4 முதல் 5 மணி நேரம் ஆகும் என்பது அதன் அடிப்படை. 10 கிலோவாட் வீதம் 6 மணிக்கு 60 யூனிட். பேட்டரியின் கொள்ளளவில் 90 விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்தலாம், இன்வெர்ட்டரில் 6 விழுக்காடு இழப்பு, ஆயுள் முடியும்போது கொள்ளளவு 80 விழுக்காடாகச் சுருங்கியிருக்கும். மூன்றையும் கணக்கில் எடுத்தால் 89 யூனிட் வருகிறது. புதிதாக இருக்கும்போது சராசரிச் சுமைக்கு 8 மணி நேரம் தாங்கும். பழசான பிறகும் 6 மணிக்குக் குறையாது.

வகை லித்தியம் இரும்பு பாஸ்பேட்டாக இருக்க வேண்டும். ஈய அமிலப் பேட்டரி வாங்கும்போது மலிவு. ஆனால் அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால் இரு மடங்கு வாங்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் வெளிவிடும்.

550 வாட் பேனல்கள் 72 வரும். பேனல்கள் மட்டும் 190 சதுர மீட்டர் அடைக்கும். நிழல் இடைவெளி, நடைபாதை, ஓரத்தில் ஒரு மீட்டர் விளிம்பு எல்லாம் சேர்த்து 380 சதுர மீட்டர் தேவை. வார்டு கட்டடத்தின் கூரையில் அந்த இடம் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் 155 யூனிட் அளவில் எதிர்பார்க்கலாம். இந்த வார்டுகளின் தினசரித் தேவை 228 யூனிட். அடர்ந்த மேகமுள்ள நாளில் உற்பத்தி நான்கில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழும் இறங்கும். ஆகவே சோலார் இருப்பதால் ஜெனரேட்டரை விற்றுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். பேட்டரி 40 விழுக்காட்டைத் தொட்டதும் ஜெனரேட்டர் தானாகக் கிளம்ப வேண்டும். அது கிளம்பாமல் 25-க்கு இறங்கினால் இரண்டாம் அறுவை அரங்கும் கூடுதல் விளக்குகளும் துண்டிக்கப்படும். ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் அதன் சுமையை 30 விழுக்காட்டுக்குக் கீழே தள்ளக்கூடாது. தள்ளினால் எரியாத டீசலும் கரியும் எஞ்சினுக்குள் படியும். அந்த வரம்பைக் கட்டுப்படுத்தியில் அமைப்பது ஒப்பந்ததாரரின் பொறுப்பாக எழுதப்பட வேண்டும்.

குளிரூட்டிகள், லிஃப்ட், எக்ஸ்ரே, ஸ்கேன், ஆட்டோகிளேவ், சலவை எதுவும் பேட்டரிக்கு வராது. மையச் சக்ஷன் பம்பும் வராது: அதன் 3.7 கிலோவாட் மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும், ஓடும்போதும் மொத்தத்தை 20-க்கு மேல் கொண்டுபோகும். அது ஜெனரேட்டரிலேயே இருக்கும். இடைவெளியை அதன் தொட்டி சில நிமிடம் தாங்கும். அதற்கு மேல் தேவைக்காக ஒவ்வொரு பிரிவிலும் பேட்டரி உள்ள கைச்சக்ஷன் இயந்திரம் வைக்கப்படும்.

வேலையின் கடினமான பகுதி கூரையில் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவின் சில பிளக்குகள் தாழ்வாரக் குளிரூட்டியோடு ஒரே சுற்றில் உள்ளன. முக்கியச் சுமைகளைத் தனிப் பலகைக்குப் பிரித்து, சிவப்பு சாக்கெட்டுகளில் முடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் பேட்டரி வைத்தால், தாழ்வாரக் குளிரூட்டியும் யாரோ செருகும் தண்ணீர்க் கொதிகலனும் கணக்கிட்ட நேரத்துக்கு முன்பே அதைக் காலி செய்துவிடும். வார்டு வார்டாக, நோயாளிகளை மாற்றிவிட்டு, பகலில் மட்டுமே இந்த மாற்றம் நடக்கும். பச்சிளங்குழந்தைப் பிரிவு கடைசியாக வரும், அதற்குள் குழுவினருக்குக் கைப்பழக்கம் வந்திருக்கும்.

ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில. இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது நியூட்ரல்–எர்த் இணைப்பு சரியாக மாற வேண்டும். இல்லாவிட்டால் கசிவுப் பாதுகாப்பு வேலை செய்யாது. அறுவை அரங்குகளிலும் தீவிர சிகிச்சையிலும் மருத்துவ இடங்களின் மின்னமைப்புக்கான ஐ.இ.சி. 60364-7-710 தரநிலை கேட்கும் தனிமைப்படுத்தும் மின்மாற்றியும் காப்புக் கண்காணிப்பும் தொடர வேண்டும். அறுவை மேசை விளக்குக்கு அதே தரநிலை அரை வினாடிக்குள் மின்சாரம் கேட்கிறது. இன்வெர்ட்டரின் மாறும் நேரம் 20 மில்லிவினாடிக்குள் இருக்கும், ஆனாலும் அந்த விளக்கின் சொந்த யு.பி.எஸ்ஸை அகற்றக் கூடாது. இன்வெர்ட்டர்கள் இரண்டும் செயலிழந்தாலும் வார்டை நேரடியாக வெளி மின்சாரத்திலோ ஜெனரேட்டரிலோ இணைக்கும் கைமாற்றுச் சுவிட்சு கட்டாயம். கூரையில் வெவ்வேறு நிறுவனங்களின் கனெக்டர்களை ஒன்றோடொன்று செருகக் கூடாது. பொருந்துவதுபோலத் தோன்றினாலும் தொடர்பு தளர்ந்து சூடேறும், கூரைத் தீக்கு அது வழக்கமான காரணம்.

பேட்டரி அறை தரைத்தளத்தில், வார்டுகளுக்குக் கீழே அல்லாத இடத்தில், வெளியேறும் வழியிலிருந்தும் ஆக்சிஜன் அறையிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். பழைய ஸ்டோர் அறை பொருந்துகிறது. இரண்டு மணி நேரம் தீ தாங்கும் சுவர், 60 சென்டிமீட்டர் மேடை, புகை மற்றும் வாயு உணரி, வெளியேற்று விசிறி, கதவுக்கு வெளியே அவசரத் துண்டிப்பு ஆகியவை வேண்டும். பேட்டரிக்கு, லித்தியம் பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 62619 சான்று கேட்போம்.

பேட்டரியைக் கட்டணச் சேமிப்புக்கு எவ்வளவு இறக்கலாம் என்பதைக் குழுவே முடிவுசெய்ய வேண்டும். என் பரிந்துரை: வெளி மின்சாரம் இருக்கும்போது 80 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கவே கூடாது. அந்த 80-இல் சராசரிச் சுமைக்கு 6 மணி நேரம் இருக்கிறது. பேட்டரி பழசாகப் பழசாக இந்த வரம்பை ஆண்டுதோறும் உயர்த்துவோம். சேமிப்பை அதிகமாகக் காட்ட இதைத் தளர்த்தும் எந்தத் திட்டத்தையும் ஏற்கக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

விலையை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. மின்சுற்றுப் பிரிப்பின் அளவுப்பட்டியல் இல்லாமல் வரும் விலையில் அந்த வேலை விடுபட்டிருக்கும், பிறகு கூடுதல் பணியாகத் திரும்பி வரும். எனவே அடுத்த கூட்டத்தில் மூன்று ஒப்புதல்கள் கேட்கிறேன். முதலாவது, கூரையின் தாங்குதிறனையும் காற்றின் தூக்குவிசையையும் கட்டமைப்புப் பொறியாளர் சோதிக்க அனுமதி. கூரை ஒழுகல் தடுப்பு வேலையும் பேனலுக்கு முன்பே முடிய வேண்டும். இரண்டாவது, இணைப்பில் உள்ள விவரக்குறிப்பின்படி ஒப்பந்தப்புள்ளி கோர அனுமதி. மூன்றாவது, பேட்டரி மாற்று நிதிக்கு முதல் ஆண்டிலிருந்தே தனிக் கணக்கு. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் மாற்றவேண்டிய பொருள் அது, அன்றைக்குப் புதிதாக நன்கொடை தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஒப்படைக்கும் முன் ஜெனரேட்டரைப் பூட்டிவைத்து, நோயாளிகள் இல்லாமல், செயற்கைச் சுமையில் 17 கிலோவாட் கொடுத்து இருட்டிய பிறகு வெளி மின்சாரத்தைத் துண்டிப்போம். அதன் பின் மாதம் ஒருமுறை அரை மணி, ஆண்டுக்கு ஒருமுறை 4 மணி நேரச் சோதனை. இறுதித் தவணைப் பணம் முதல் சோதனை தேறிய பிறகே.

அளவீட்டுப் பதிவுகள், ஒற்றைக்கோட்டு வரைபடம், விவரக்குறிப்பு ஆகிய மூன்றும் இணைப்பில் உள்ளன. கூட்டத்துக்கு மின்பொறியாளரும் பச்சிளங்குழந்தைப் பிரிவின் தலைமைச் செவிலியரும் வருவார்கள். அதற்கு முன் வார்டுகளையும் பலகைகளையும் நேரில் பார்க்க விரும்பும் அறங்காவலர்கள் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
நிர்வாக அதிகாரி