ஜெனரல் ஆவரேஜ் அறிவிப்பு: எங்கள் நூல் கண்டெய்னருக்கு உடனே கேரண்டி தேவை

வணக்கம் சார்,

கப்பலூரில் இருந்து தூத்துக்குடி வழியாக ஆன்ட்வெர்ப்புக்கு அனுப்பிய ஒரு நாற்பதடி கண்டெய்னர் பருத்தி நூல் பற்றி எழுதுகிறோம். பாலிசி உங்கள் மதுரைக் கிளையில் எடுத்ததுதான், இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் ஏ. கொழும்பில் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பிய தாய்க்கப்பலின் முன் ஹோல்டில் தீப்பிடித்து, தண்ணீர் அடித்து அணைத்து, டக் வைத்து மறுபடி கொழும்புக்கே இழுத்து வந்திருக்கிறார்கள். கப்பல் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்துவிட்டார். நேற்று ஃபார்வர்டர் மூலம் அட்ஜஸ்டரின் மெயில் வந்தது, இணைத்திருக்கிறோம்.

எங்கள் கண்டெய்னர் பின்பக்கம் இருந்ததாகச் சொல்கிறார்கள். நூலுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் பங்கு கட்டியே ஆக வேண்டும். கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற வேண்டுமென்றே செய்த செலவையும், தீயணைக்க அடித்த தண்ணீரில் கெட்ட சரக்கின் இழப்பையும் சேர்த்து, காப்பாற்றப்பட்ட எல்லார் மதிப்பிலும் விகிதப்படி பிரிப்பார்கள். தீயிலேயே எரிந்ததும் புகையில் கெட்டதும் இந்தக் கணக்கில் வராது.

எங்கள் இன்வாய்ஸ் சி.ஐ.எஃப். 72,000 டாலர். அட்ஜஸ்டர் இப்போதைக்கு 12 சதவீதம் கேட்கிறார், அதாவது 8,640 டாலர். டக் கம்பெனிக்கான சால்வேஜ் ஈடு இதில் சேராது, அதற்குத் தனியாகக் கேட்பார்களாம். இது இறுதிக் கணக்கும் இல்லை, அட்ஜஸ்ட்மென்ட் முடியச் சில வருஷம்கூட ஆகலாம், கூடவும் குறையவும் செய்யும். நாங்கள் 10 சதவீதம் கூட்டி 79,200 டாலருக்கு இன்ஷூர் செய்திருக்கிறோம், இன்வாய்ஸ் மதிப்பை விட அதிகம். அதனால் குறைவாக இன்ஷூர் செய்தீர்கள் என்று விகிதம் போட்டுக் கழிக்க இடமில்லை என்றே நினைக்கிறோம்.

வாங்குபவர் 30 சதவீதம்தான் கொடுத்திருக்கிறார். மீதி வந்தால்தான் பேங்க் டாக்குமெண்டைக் கொடுக்கும், ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. ஆகவே ஆவரேஜ் பாண்டில் நாங்களே கையெழுத்துப் போடுகிறோம். கூடவே உங்கள் கேரண்டி போனால் ரொக்க டெபாசிட் வேண்டியதில்லை. இல்லையென்றால் இந்த 8,640 டாலரை எங்கள் கையில் இருந்து கட்ட வேண்டும், இப்போது பஞ்சு வாங்குகிற நேரம், அவ்வளவு பணம் முடங்கினால் மில் தாங்காது.

ஈடு கொடுக்காதவரை கண்டெய்னரை விடமாட்டார்கள், அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. அப்புறம் கொழும்பில் ஏறும் வாடகையைத் தாமதம் என்று சொல்லி பாலிசியும் ஏற்காது. வெள்ளிக்கிழமைக்குள் ஜெனரல் ஆவரேஜ், சால்வேஜ் இரண்டுக்கும் கேரண்டியை அட்ஜஸ்டருக்கு நேரடியாக அனுப்பி, எங்களுக்கு ஒரு நகல் போடுங்கள்.

கொழும்பில் ஒரு சர்வேயரையும் வையுங்கள். கண்டெய்னர் கதவைத் திறந்ததும் கீழ் வரிசை அட்டைப்பெட்டிகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், ஈரம் ஏறிய கோன் தறிக்கு ஆகாது. அப்படி ஏதாவது இருந்தால் அந்த இழப்பை பாலிசியில் தனியாகக் கேட்போம், அதை ஜெனரல் ஆவரேஜில் நீங்கள் வசூலித்துக்கொள்ளலாம்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் நகல், பாலிசி எல்லாம் இணைப்பில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஏற்றுமதிப் பிரிவு, கப்பலூர், மதுரை