பங்குனி ஆமை: 9-ஆம் வகுப்பு அறிவியல், ஆவணப்பட வகுப்புக்கான பாடத்திட்டம்

வகுப்பு: 9 'ஆ', 38 பேர். நேரம்: 45 நிமிடம். இடம்: ஹைடெக் லேப்.
படம்: சென்னைக் கடற்கரையில் இரவில் எடுத்த 6 நிமிடம் 40 விநாடித் துண்டு. பென்டிரைவில் இருக்கிறது. நெட்டை நம்ப வேண்டாம்.

என் வகுப்பை எடுக்கப்போகும் டீச்சருக்கு: படம் விடை சொல்வதற்கு முன்னால் பிள்ளைகள் யோசித்துவிட வேண்டும். நிறுத்தும் இடங்களெல்லாம் அதற்காகவே. யாராவது "அடுத்து போடுங்க மிஸ்" என்று கத்தினாலும் நிறுத்தியே வையுங்கள்.

தொடக்கம் (5 நிமிடம்)
படத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம். "தை மாசத்திலிருந்து பங்குனி வரைக்கும் ராத்திரியில் நம்ம கரைக்கு யார் வருவாங்க?" என்று மட்டும் கேளுங்கள். குப்பத்திலிருந்து வரும் பிள்ளைகள் "பங்குனி ஆமை" என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்தப் பெயரையே பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, கீழே "ஆலிவ் ரிட்லி" என்று எழுதுங்கள்.

முதல் நிறுத்தம், 1:05
ஆமை முட்டையிடுகிறது. முகம் மட்டும் திரையில் தெரியும். கண்ணிலிருந்து கொழகொழவென்று நீர் வழிந்து மணல் ஒட்டியிருக்கும்.
கேள்வி: ஏன் இந்தக் கண்ணீர்?
"வலிக்குது" என்பார்கள். மறுக்காமல், "கடலுக்குள்ளே இருக்கும்போதும் இது வழியுமா?" என்று திருப்பிக் கேளுங்கள். கடலில் வாழ்வதால் உடம்பில் சேரும் கூடுதல் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. கடலிலும் வழியும், நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். படம் ஓடத் தொடங்கியதும் சத்தத்தைக் கூட்டுங்கள். முட்டைக் குழியை மூடியபின் ஆமை உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து மணலைத் தட்டும் 'தொப் தொப்' கேட்க வேண்டும்.

இரண்டாம் நிறுத்தம், 2:40
தன்னார்வலர் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார். சென்னையில் 1988-லிருந்து மாணவர்கள் இந்த வேலையைச் செய்துவருகிறார்கள் என்பதை இங்கே சொல்லுங்கள்.
கேள்வி: ஏன் அன்று இரவே மாற்ற வேண்டும்? குழி ஏன் அதே ஆழத்தில் இருக்க வேண்டும்?
சில மணி நேரத்தில் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைத் திருப்பினால் கரு செத்துப்போகும். ஆழம் மாறினால் சூடு மாறும். சுமார் 29 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடு கூடக்கூடப் பெண் குஞ்சுகள் அதிகமாகும், குறைந்தால் ஆண். சீக்கிரம் முடித்துவிடலாம்.

மூன்றாம் நிறுத்தம், 4:10
இதற்குத்தான் 10 நிமிடம். கூடையைச் சாய்த்ததும் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத குஞ்சுகள் மணலில் இறங்குகின்றன. இடப்பக்கம் கடல். வலப்பக்க ஓரத்தில் மங்கலாக ஒரு தெருவிளக்கு. முதல் தடவை பார்க்கிறவர்கள் கண்ணில் அது படாது. சொல்லிவிடாதீர்கள்.
கேள்வி: எந்தப் பக்கம் போகும்? ஒவ்வொருவரும் நோட்டில் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு காரணம் எழுத வேண்டும்.
எழுதி முடித்தபின் 30 விநாடி ஓட்டுங்கள். பெரும்பாலான குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் திரும்பும்போது வகுப்பு பதறும். அந்தப் பதற்றம் அடங்கட்டும். அப்புறம், "திரும்பப் பார்ப்போமா? இந்தத் தடவை ஆமையைப் பார்க்காதீங்க, மத்ததைப் பாருங்க." விளக்கை அவர்களே கண்டுபிடிப்பார்கள். தாழ்வான, வெளிச்சமான அடிவானம்தான் கடல் என்பது குஞ்சின் இயல்புணர்வு. விளக்கு அதை ஏமாற்றிவிடுகிறது.

நான்காம் நிறுத்தம், 5:35
கரையில் செத்துக் கிடக்கும் பெரிய ஆமை. உடம்பில் காயம் இல்லை. 2025 ஜனவரியில் நம் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைப் பிள்ளைகள் நேரில் பார்த்திருக்கிறார்கள்.
கேள்வி: காயமே இல்லாமல் எப்படிச் செத்திருக்கும்?
ஆமைக்கு நுரையீரல், மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். மணிக்கணக்கில் இழுக்கப்படும் இழுவலைக்குள் சிக்கினால் மூச்சுமுட்டிச் சாகும்.

இந்த இடத்தில் கவனம். வகுப்பில் 11 பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மற்ற பிள்ளைகள் திரும்பி அவர்களைப் பார்த்தால் பாடமே கெட்டுவிடும். "எந்த வலை? எந்த ஆழம்? எவ்வளவு நேரம்?" என்று அவர்களிடமே கேளுங்கள், அவர்களுக்குத்தான் தெரியும். சென்ற ஆண்டு ஒரு பையன் பலகைக்கு வந்து தன் அப்பாவின் நாட்டுப்படகு வலையையும் இழுவலையையும் வரைந்து காட்டினான். அன்று என்னைவிட நன்றாகப் பாடம் நடத்தியது அவன்தான். வலையின் கழுத்தில் சாய்வான கம்பித் தடுப்பும் மேலே ஒரு திறப்பும் வைத்தால் ஆமை வெளியேறிவிடும். அதனால் மீனும் கொஞ்சம் தப்பும், ஆகவே படகுக்காரருக்கு நஷ்டம். இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு விவாதிக்க விடுங்கள். மணி அடித்தாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

வீட்டு வேலை
கடற்கரையை ஒட்டி வசிப்பவர்கள்: இரவு 9 மணிக்கு மணலில் நின்று, கண்ணுக்குத் தெரியும் விளக்குகளை எண்ணி வரைபடம் போட வேண்டும். பெரியவர் ஒருவர் துணையோடுதான் போக வேண்டும். மற்றவர்கள்: கடலுக்குப் போகும் ஒருவரிடம் ஆமை வலையில் ஏறினால் என்ன செய்வார்கள் என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வர வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்கி என் மேசையில் வைத்துவிடுங்கள்.