புதிய பிரதிநிதியின் அறிமுக உரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, தோழர்களே, அனைவருக்கும் வணக்கம். என் பெயரைத் தலைவர் அறிவித்துவிட்டதால், நான் யாருக்காக வந்திருக்கிறேன் என்பதைச் சொல்லித் தொடங்குகிறேன். பண்டகப் பிரிவில் 11 ஆண்டுகளாகப் பணியாற்றும் என்னை, இரவுப் பணியில் இருப்போர் உட்பட அப்பிரிவின் ஊழியர்கள் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து அனுப்பியுள்ளனர்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், இருப்புக் குறைவுக்கு என்னைப் பொறுப்பாக்கி விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தபோது, எனக்கு முன் பிரதிநிதியாக இருந்தவர் இரண்டு நாட்கள் என்னுடன் அமர்ந்து பதிவேடுகளைச் சரிபார்த்து, பிழை பதிவில்தான் என்று விசாரணையில் நிறுவினார். அந்த உதவியை நான் மறக்கவில்லை. இங்கு நிற்பதற்கு அதுவே காரணம்.

பிரதிநிதி என்பதற்காகவே ஒருவர் பாதிக்கப்படக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 135ஆவது உடன்படிக்கை 1971இலேயே வகுத்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பு பேசுவதற்காகத் தரப்பட்டது என்றே கருதுகிறேன்.

பணிநேரப் பட்டியல் முந்தைய மாலையில் மாற்றப்படுவதுதான் எங்கள் பிரிவின் முதன்மைக் குறை. அதற்கான எழுத்துப்பூர்வ விவரங்களைத் தொகுத்து வருகிறேன்; அடுத்த கூட்டத்தில் செயலாளரிடம் ஒப்படைப்பேன். பேச்சுவார்த்தை நடைமுறையில் எனக்கு அனுபவம் குறைவு என்பதால், மூத்த தோழர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.