வழி மாறிய இடத்திலிருந்து திரும்பி நடந்தோம்

எங்கள் குழு மலையேற்றம் போய் வந்ததைப் பற்றி முதலில் போட்ட பதிவில் ஒரு குழுப்படமும் அதன் கீழே 27 பெயர்களும்தான் இருந்தன. கூடவே, ‘மறக்க முடியாத நாள்’ என்று ஒரு வரி. வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “யார் யார் வந்தோம் என்பது தெரிகிறது. நாம் எப்படிப்பட்டவர்கள் என்பது இதில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். அன்று நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

காலை ஏழரைக்கு நடக்க ஆரம்பித்தோம். ஒரு மணி நேரம் போனதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. முன்னால் போன எங்கள் தொழில்நுட்பத் தலைவர் இடதுபக்கம் திரும்பினார், எல்லோரும் பின்தொடர்ந்தோம். கொஞ்ச தூரத்தில், வேலைக்குச் சேர்ந்து ஏழு வாரமே ஆன ஒரு பெண் நின்றுவிட்டார். அவர் கையில் இருந்த வரைபடத்தில் ஓடை நமக்கு வலதுபுறம் இருக்க வேண்டும், தண்ணீர்ச் சத்தமோ இடப்பக்கம் கேட்கிறது என்றார். குரல் சற்றுத் தயங்கித்தான் வந்தது. தலைவர் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். “நீங்கள் சொல்வதுதான் சரி. நான் பார்க்காமல் திரும்பிவிட்டேன்” என்றார். அவ்வளவுதான். வந்த வழியே திரும்பினோம். நாற்பது நிமிடம் போனது. அதன்பிறகு வரைபடம் அந்தப் பெண்ணிடமே இருந்தது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. போன மாதம் ஒரு வெளியீட்டுக்கு முந்தைய நாள் மாலை, இதே பெண்தான் சோதனை முடிவு ஒன்று பொருந்தவில்லை என்று சொன்னார். வெளியீட்டை இரண்டு நாள் தள்ளி வைத்தோம். புதிதாக வந்தவர் சொல்கிறாரே என்று யாரும் ஒதுக்கவில்லை. மலையில் நடந்தது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இன்னொன்று. எங்கள் குழுவில் ஒருவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பாதையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அவரிடம் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று கேட்டுக்கொண்டோம். அவர் சொன்ன தூரத்தில், பாதி வழியில் ஓடைக்கரையில் தங்கிக்கொள்ள வசதியான இடமாகப் பார்த்தோம். உச்சிக்கு ஏறியவர்கள் 15 பேர். மீதிப் பேர் அவரோடு ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது அங்கேதான் சிரிப்புச் சத்தம் அதிகமாகக் கேட்டது. ஏறியவர்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட!

வேலை நாளில்தான் போனோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு உரியது. வர விருப்பமில்லாதவர்களிடம் காரணம் கேட்கவில்லை, அவர்களுக்கு அன்று விடுப்பும் கழிக்கவில்லை. படத்தில் இருக்க விரும்பாத மூன்று பேர் கேமராவுக்குப் பின்னால் நின்றார்கள். அதனால் படத்தில் இருப்பவர்களை எண்ணிப் பார்த்தால் 24 பேர்தான் இருப்பார்கள்.

அந்தப் படத்தில் இல்லாத இன்னும் இருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவு முடியாது. எங்கள் சேவை ஒரு நாள்கூட நிற்கக்கூடாது என்பதால், அன்றைய அவசரப் பணிக்கு அவர்கள் இருவரும் தாங்களாகவே முன்வந்தார்கள். மதியம் பன்னிரண்டேகாலுக்கு ஒரு சர்வர் மெதுவாகிவிட்டது. முந்தைய வாரம் செய்த ஒரு மாற்றம்தான் காரணம். அதைச் செய்தவர் அப்போது எங்களோடு மலையில் இருந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. இருவரும் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்று, இருபது நிமிடத்தில் சரிசெய்து, நடந்ததை வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். என்ன மாறியது, எப்போது தெரிந்தது, அடுத்த முறை எப்படிச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருந்தன. யார் செய்தது என்பது மட்டும் இல்லை. எங்கள் குறிப்புகளை எப்போதும் அப்படித்தான் எழுதுகிறோம்.

மலையிலிருந்து இறங்கி பஸ்ஸில் ஏறியபிறகுதான் அந்தக் குறிப்பைப் படித்தோம். மாற்றத்தைச் செய்தவர் உடனே அவர்களை அழைத்து நன்றி சொன்னார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், “நாளைக்குக் காலையில் இதை எனக்குக் கொஞ்சம் விளக்க முடியுமா?” என்று கேட்டார். மறுநாள் ஒன்பது மணிக்கு இருவரும் ஒரே திரையின் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த பயணம் மூன்று மாதம் கழித்து. நாளையும் இடத்தையும் தீர்மானிக்கப்போவது அன்று பணியில் இருந்த அந்த இருவர். அப்போது அவசரப் பணிக்கு இருக்கிறேன் என்று நான் பெயர் கொடுத்துவிட்டேன்.